பழைய பக்கத்துக்குப் புதுப் படம்

இன்றைய உரை வானொலியைப் பற்றியது அல்ல, எங்கள் வானொலியின் இணையத்தளத்தைப் பற்றியது. கணக்கு எழுதுகிறவன் எதற்கு இணையத்தளத்தைப் பற்றிக் கதைக்கிறான் என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் உண்டு. அங்கே ஆகக் கூடுதலாக வாசிக்கப்படுவது கலை நிகழ்ச்சிப் படங்களோ நேர்காணல்களோ அல்ல. இங்கிலாந்தில் சுயதொழில் செய்பவர் வருமான வரிக் கணக்கை எப்படி அனுப்புவது என்று 2016 ஒக்ரோபரில் எழுதப்பட்ட ஒரு பக்கம்தான். எழுதியவர் அப்போது எங்களோடு தொண்டு செய்த ஒரு நண்பர். அந்த ஆண்டுக்கு அதில் ஒரு பிழையும் இல்லை. ரக்ஸி ஓடுபவர்களும் சிறு கடை வைத்திருப்பவர்களும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதைத் தேடி வந்து வாசித்தார்கள்.

இப்படி ஆண்டு போனாலும் தேவை போகாத பக்கத்தை எவர்கிரீன் என்று சொல்லுவார்கள். பச்சை மாறாது என்பது பொருள். ஆனால் பச்சை மாறாமல் இருப்பது கேள்விதான், பதில் அல்ல. ஜனவரி 31க்குள் கணக்கை எப்படி அனுப்புவது என்ற கேள்வி ஆண்டுதோறும் வரும். அதற்கான பதிலில் ஏதாவது ஒன்று ஆண்டுதோறும் மாறும்.

2024 ஜனவரி முடிகிற நேரம் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, உங்கட பக்கத்திலை தபாற்கந்தோரிலை காசு கட்டுற படம் போட்டிருக்கிறியள். நான் துண்டோட போய் வரிசையிலை நிண்டு, எங்களிட்டை கட்டேலாது எண்டு திருப்பி அனுப்பிப் போட்டாங்கள்" என்றார். அவர் சொன்னது சரி. வரிக் காசைத் தபாற்கந்தோரில் கட்டும் வசதியை வரித் திணைக்களம் 2017 டிசம்பர் 15 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விசேஷம் என்னவென்றால், எங்கள் பக்கத்தின் எழுத்தில் அந்த விடயம் 2018 இலேயே திருத்தப்பட்டிருந்தது. வங்கியில் கட்டுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. படம்தான் மாறவில்லை. படத்தின் கீழே "தபாற்கந்தோரில் இந்தத் துண்டைக் கொடுத்துப் பணம் கட்டலாம்" என்ற வரியும் அப்படியே இருந்தது. அக்கா எழுத்தை வாசிக்கவில்லை, படத்தையும் அதன் கீழ் இருந்த ஒரு வரியையும் பார்த்தார். எங்களில் அநேகர் அப்படித்தான் பார்க்கிறோம், அதுவும் கைத்தொலைபேசியில். நல்ல காலம், மகன் அடுத்த நாளே வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிட்டார்.

பழைய பக்கத்தைப் புதுப்பிக்கும்போது எழுத்தைத் திருத்திவிட்டுப் படத்தை அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அந்தப் பக்கத்தை எங்கள் தொண்டர் இளைஞர் ஒருவரும் நானும் சேர்ந்து எப்படிப் புதுப்பித்தோம் என்று சொல்கிறேன். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளி என்று இணையத்தளம் நடத்துகிற எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் எந்தப் பக்கத்தைத் தொடுவது? நூற்றுக்கணக்கான பக்கங்களையும் புதுப்பிக்கத் தொண்டர்களால் முடியாது. கூகுள் நிறுவனம் இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்கு Search Console என்ற கருவியை இலவசமாகத் தருகிறது. அதில் Performance என்ற பகுதிக்குப் போய் Pages என்பதைத் தெரிவு செய்தால், எங்கள் ஒவ்வொரு பக்கமும் தேடுபவர்களின் கண்ணில் எத்தனை தரம் பட்டது, அதில் எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் பார்க்கலாம். பதினாறு மாத விபரம் அங்கே இருக்கும். இங்கே ஒரு கணக்காளனின் எச்சரிக்கை: ஜனவரியை டிசம்பரோடு ஒப்பிடாதீர்கள். வரிப் பக்கம் ஜனவரியில் ஏறி பெப்ரவரியில் விழும், தைப்பொங்கல் பக்கமும் அப்படித்தான். சென்ற ஜனவரியை இந்த ஜனவரியோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். கடைக் கணக்கில் தீபாவளி மாத வியாபாரத்தை அதற்கு அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டுக் கடை நட்டத்தில் போகிறது என்று யாரும் சொல்வதில்லைத்தானே.

எங்கள் பக்கம் 2023 ஜனவரியில் ஏறக்குறைய 9,000 தடவை தேடுபவர்கள் முன் தோன்றி, 840 பேர் உள்ளே வந்திருந்தார்கள். 2024 ஜனவரியில் 8,600 தடவை தோன்றியும் வந்தவர்கள் 310 பேர்தான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக விழுந்திருந்தால், வேறு நல்ல பக்கங்கள் எங்களை முந்திவிட்டன, அல்லது அந்தக் கேள்வியே பழசாகிவிட்டது என்று எடுக்கலாம். தோன்றுவது குறையாமல் வருவது மட்டும் குறைந்தால், தேடுபவருக்கு எங்கள் பக்கம் தெரிகிறது, ஆனால் தலைப்பையோ படத்தையோ பார்த்து விலகிப் போகிறார் என்று பொருள். எங்கள் தலைப்பில் 2016 என்று இருந்தது. 2024 இல் வரிக் கணக்கு அனுப்புகிறவர் அதை ஏன் அழுத்துகிறார்?

ஒரு பக்கத்தைத் தெரிவு செய்த பிறகு நாங்கள் செய்தது, அதில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தப் படம் என்ன சொல்கிறது, அது இன்றைக்கும் உண்மையா என்று கேட்டதுதான். மூன்று படங்கள் இருந்தன.

முதலாவது, பக்கத்தின் தலையில் இருந்த கணக்குக் கொப்பியின் படம். ஊரில் கடை முதலாளிமார் வைத்திருந்தது போன்ற நீளமான கொப்பி, பக்கத்தில் பற்றுச்சீட்டுக் கட்டு. கீழே "இப்படி ஒரு கொப்பியில் வரவு செலவை எழுதி வைத்தால் போதும்" என்ற வரி. அழகான படம், எனக்கும் பிடித்த படம். ஆனால் எல்லோருக்கும் அது போதும் என்ற காலம் முடிகிறது. 2026 ஏப்ரல் 6 முதல், சுயதொழிலிலிருந்தும் வாடகையிலிருந்தும் வரும் மொத்த வரவு 50,000 பவுணுக்கு மேல் உள்ளவர்கள் கணக்கைக் கணினி வடிவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மென்பொருள் மூலம் வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. 2027 ஏப்ரலில் அந்த எல்லை 30,000 பவுணாகவும், 2028 இல் 20,000 பவுணாகவும் இறங்குகிறது. இதில் எங்கள் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த 50,000 என்பது இலாபம் அல்ல, செலவு கழிக்க முன் உள்ள வரவு. ரக்ஸி ஓடி 52,000 பவுண் எடுத்து, எண்ணெய், காப்புறுதி, வாகன வாடகை எல்லாம் போகக் கையில் 24,000 மிஞ்சுகிற ஒருவர், தனக்கு இது இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் இது உண்டு. கொப்பிப் படத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு இன்னும் உறுதியாகும்.

அந்தப் படத்தை எடுத்துவிட்டு, ஒரே மாத வரவு செலவு ஒரு பக்கம் கொப்பியிலும் மறுபக்கம் கணினித் திரையிலும் இருப்பதுபோல ஒரு படம் எடுத்துப் போட்டோம். கீழே எழுதியது இது: "இடப்பக்கம் உள்ள கொப்பி, மொத்த வரவு எல்லைக்குக் கீழ் உள்ளவருக்கு. வலப்பக்கம் உள்ளது, 2024-25 ஆம் ஆண்டுக் கணக்கில் மொத்த வரவு 50,000 பவுணுக்கு மேல் காட்டுபவர் 2026 ஏப்ரலிலிருந்து வைக்க வேண்டியது. செலவு கழிக்க முன் உள்ள தொகையைப் பாருங்கள்." படத்தின் கீழ் வரி என்றால் இரண்டு சொல் என்று நினைக்கிறவர்களுக்கு இது நீளமாகத் தெரியும். நான் இதை விரும்பித்தான் நீட்டினேன். அந்த அக்காவைப்போல் இந்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு, போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது, அரசாங்கத் தளத்துக்குள் நுழையும் திரையின் படம். அதில் நுழைவதற்கு இரண்டு வழி காட்டப்பட்டிருந்தது: ஒன்று Government Gateway, மற்றது GOV.UK Verify. இரண்டாவது சேவை 2016 இல் ஆரம்பித்து 2023 இல் மூடப்பட்டுவிட்டது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் இல்லாத ஒரு பொத்தானை ஒருவர் தேடிக்கொண்டிருந்தால், நேரம் இரவு பதினொரு மணி, திகதி ஜனவரி 31 என்றால், நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண் தண்டம், மூன்று மாதத்துக்கு மேல் பிந்தினால் அதற்கு மேல் நாளுக்குப் பத்துப் பவுண் வீதம் தொண்ணூறு நாள் வரை ஏறும்.

திரைப் படம் எடுப்பது இலகு, எடுத்த பிறகு உள்ள வேலைதான் கவனமானது. வரி செலுத்துபவரின் பத்து இலக்க எண், தேசிய காப்புறுதி எண், பெயர், விலாசம் எல்லாம் திரையில் இருக்கும். கைத்தொலைபேசியில் உள்ள மார்க்கர் பேனையால் கறுப்பாகக் கீறிவிட்டால் மறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் பேனை பல தொலைபேசிகளில் கண்ணாடித் தாள்போல் மெல்லியது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண் தெரியும். முழுதாக நிரப்பிய கறுப்புப் பெட்டியைப் போட்டு, மறுபடி ஒரு தரம் திரைப் படமாக எடுத்து, அந்த இரண்டாவது படத்தைத்தான் தளத்தில் ஏற்ற வேண்டும். அதேபோல் வேர்ட் ஆவணத்தில் படத்தின் ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி ஆவணத்துக்குள் இருக்கக்கூடும். திரைப் படத்தின் கீழ் வரியில் அது எடுக்கப்பட்ட மாதமும் ஆண்டும் கட்டாயம் வேண்டும். "2024 ஒக்ரோபரில் இப்படி இருந்தது" என்று போட்டால், திரை மாறியிருப்பதைக் காண்கிறவர் தன் தொலைபேசியில்தான் பிழை என்று நினைக்க மாட்டார்.

மூன்றாவது அந்தத் தபாற்கந்தோர்ப் படம். அதைப் பக்கத்திலிருந்து எடுத்தால் போதும் என்றுதான் தம்பி நினைத்தார். ஆனால் வேர்ட்பிரஸ் போன்றவற்றில் ஒரு படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் படக் களஞ்சியத்தில் அது அப்படியே கிடக்கும். கூகுளின் படத் தேடலிலும் பல காலம் வந்துகொண்டிருக்கும். ஆகவே களஞ்சியத்துக்குள் போய்க் கோப்பையே அழித்தோம். அதன் இடத்தில் போட்டது, வங்கிச் செயலியில் வரிக் காசு அனுப்பும் திரை. எண்கள் மறைத்தது. அதன் கீழே தபாற்கந்தோரில் கட்ட முடியாது, 2018 ஜனவரி 13 முதல் தனிப்பட்டவர்களின் கிரெடிட் கார்ட்டிலும் கட்ட முடியாது என்ற இரண்டையும் எழுதினோம். இல்லாத வழியை இல்லை என்று சொல்வதும் தேவை, ஏனென்றால் பழைய பழக்கத்தில் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எழுத்திலும் மாற்றம் செய்தோம், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரியில்லாத வருமான எல்லை 2016-17 இல் 11,000 பவுண், 2021 முதல் 12,570. வாரம் 2.80 பவுண் இரண்டாம் வகுப்புக் காப்புறுதி என்று இருந்ததை எடுத்தோம். 2024 ஏப்ரலிலிருந்து அதைக் கட்டாயமாகக் கட்ட வேண்டியதில்லை. குறைந்த இலாபம் உள்ளவர் அரச ஓய்வூதியத்துக்காக விரும்பிக் கட்டலாம் என்று மாற்றினோம்.

இனித் தலைப்பும் முகவரியும். தலைப்பில் இருந்த ஆண்டை மாற்றினோம். பக்கத்தின் முகவரிக்குள்ளும் 2016 இருந்தது. சிலர் ஆண்டுக்கு ஒரு புதுப் பக்கம் எழுதிப் பழையதை அப்படியே விடுவார்கள். பிறகு நான்கு பக்கங்கள் ஒன்றோடொன்று போட்டி போடும், தேடுபவர் எதில் விழுவார் என்று தெரியாது. பல கோயில்களும் சங்கங்களும் எங்கள் பழைய முகவரிக்குத்தான் இணைப்புக் கொடுத்திருந்தன. ஆகவே ஆண்டு இல்லாத முகவரி ஒன்றை ஒரே ஒரு தடவை வைத்து, பழைய முகவரிக்கு வருகிறவர் தானாகப் புதியதற்குப் போகும்படி 301 என்ற நிரந்தரத் திருப்பம் கொடுத்தோம். இனி அந்த முகவரியைத் தொடுவதில்லை. திகதியை மட்டும் மாற்றிப் பக்கத்தைப் புதிதுபோல் காட்டும் வேலையைச் செய்யாதீர்கள். கூகுளே அதைச் செய்ய வேண்டாம் என்று தன் வழிகாட்டலில் சொல்கிறது. அது ஒருபுறம் இருக்க, வரி விடயத்தில் அப்படிச் செய்வது பழைய மருந்துப் போத்தலில் புதுத் திகதி ஒட்டுவது போன்றது. எங்கள் பக்கத்தில் முதலில் வெளியான திகதியும் திருத்திய திகதியும், எவை மாறின என்ற இரண்டு வரியும் மேலேயே உண்டு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து வாட்ஸ்அப்பில் பக்கத்தின் இணைப்பைப் போட்டால், வந்து நின்றது அதே பழைய கொப்பிப் படம்! பக்கத்தில் புதுப் படம் இருக்கிறது, இணைப்பில் பழையது. இணைப்பைப் பகிரும்போது காட்டுகிற படம் பக்கத்தின் மறைவான தலைப் பகுதியில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். இப்படி ஒரு வரி:

```
<meta property="og:image" content="https://example.org/vari-2024-10.jpg">
```

இதில் பழைய படத்தின் பெயர் இருந்தது. அதை மாற்றினோம். புதுப் படத்துக்குப் புதுப் பெயர் வைப்பதும் முக்கியம். பழைய பெயரிலேயே புதுப் படத்தை ஏற்றினால், ஏற்கனவே பார்த்தவர்களின் தொலைபேசி சேமித்து வைத்த பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். பேஸ்புக்குக்கு Sharing Debugger என்ற ஒரு பக்கம் உண்டு, அங்கே எங்கள் முகவரியைக் கொடுத்து Scrape Again என்பதை அழுத்தினால் அது புதிதாக வந்து படித்துக்கொள்ளும். பகிர்வுப் படத்தின் அகலம் 1,200, உயரம் 630 புள்ளி என்று வைத்தால் ஓரம் வெட்டுப்படாது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் இந்த அளவுக்குச் சுருக்கினால், கோப்பும் சிறிதாகிப் பக்கம் விரைவாகத் திறக்கும்.

தமிழ்த் தளங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. விளக்கத்தைப் படத்தின் மேலேயே தமிழில் எழுதி, முழுவதையும் ஒரு படமாகப் போடுகிற பழக்கம் எங்களிடம் நிறைய. எழுத்துருத் தொல்லை இருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய பக்கங்களை எந்தத் தேடலும் தமிழாகப் பார்ப்பதில்லை, அதற்கு அவை ஆங்கில எழுத்துக் குவியல்தான். அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றினாலே அரைவாசி உயிர் வந்துவிடும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் இயந்திரம் நம்பகமாக வாசிக்காது, பார்வை குறைந்தவரின் தொலைபேசி வாசித்துக் காட்டாது, தொகை மாறினால் எங்களாலும் திருத்த முடியாது. ஆகவே விளக்கம் படத்தின் கீழே எழுத்தாக வர வேண்டும். ஒன்றுக்கு மட்டும் நான் விலக்குக் கொடுப்பேன். படத்தை மட்டும் சேமித்துக் குடும்பக் குழுக்களுக்கு அனுப்புகிறவர்கள் ஏராளம். கீழ் வரி அவர்களோடு போகாது. அதனால் படத்தின் மூலையில் ஆண்டைச் சிறிதாகப் பொறித்துவிடுகிறோம்.

கீழ் வரியில் எந்தச் சொல்லைப் பாவிப்பது என்பதற்கும் அந்த Search Console உதவியது. எங்களைத் தேடி வந்தவர்களில் பலர் சுயதொழில் என்று எழுதவில்லை. self employed tax tamil என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் கதைக்கிற தமிழும் அதுதானே. தனித்தமிழில் பற்றுள்ளவர்கள் கோபிக்கக் கூடாது, இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்தோம்.

இதெல்லாம் 2024 ஒக்ரோபரில் செய்தது, இரண்டு பேர் நான்கு மாலை. 2025 ஜனவரிக் கணக்கைப் பார்த்தபோது 690 பேர் வந்திருந்தார்கள். பழைய 840 திரும்பி வரவில்லை. வரித் திணைக்களமும் மென்பொருள் நிறுவனங்களும் போட்ட காணொளிகள் இப்போது கூடிவிட்டன, அதை ஒரு படத்தால் வெல்ல முடியாது. ஆனால் அந்த ஜனவரியில் தபாற்கந்தோர் பற்றி ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. எனக்கு அந்த எண்தான் பெரிது. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் இந்தப் பக்கத்தைத் திறந்து மூன்று படத்தையும் பார்ப்பது என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். ஏன் ஒக்ரோபர் என்றால், புதிதாகப் பதிவு செய்பவருக்கு ஐந்தாம் திகதியும் கடதாசியில் கணக்கு அனுப்புபவருக்கு முப்பத்தோராம் திகதியும் அந்த மாதத்தில்தான் முடிகின்றன. கூட்டம் வர முன் கடையை ஒழுங்குபடுத்துகிற மாதிரி.

கடைசியாக, எதைப் புதுப்பிக்கக் கூடாது என்பதைப் பற்றி. எங்கள் தளத்தில் ஆகக் கூடுதலாக வாசிக்கப்படுகிற பழைய பக்கங்களில், 2004 கடற்கோள் நேரத்தில் ஒலிபரப்பிய உரைகளும் 2009 இல் எடுத்த நேர்காணல்களும் உண்டு. அவற்றுக்கும் புதுப் படம் போட்டால் இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று தம்பி சொன்னார். நான் மறுத்தேன். வரிப் பக்கம் ஒரு வழிகாட்டி, அது இன்றைய நிலையைச் சொல்ல வேண்டும். அந்த உரை ஒரு பதிவேடு, அது அன்றைய நிலையைத்தான் சொல்ல வேண்டும். பிறகு எடுத்த தெளிவான படமொன்றை அதில் வைத்தால், பத்து ஆண்டுக்குப் பின் வாசிக்கிற பிள்ளை அதை அந்த நாளின் படம் என்று நம்பும். அங்கே செய்யக்கூடியது, அதே படத்தின் கடதாசிப் பிரதி யாரிடமாவது இருந்தால் வாங்கித் தெளிவாக ஸ்கான் பண்ணுவதும், எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கீழே ஒரு வரி சேர்ப்பதும்தான். அந்த வரியில் ஆட்களின் பெயரைப் போட முன் அவர்களிடமோ குடும்பத்திடமோ கேட்க வேண்டும். பதினைந்து இருபது ஆண்டுக்கு முன் முகம் மட்டும் தெரிந்த படத்தில் இன்று பெயரைச் சேர்த்தால், அந்தப் பெயரைத் தேடுகிற எவருக்கும் அது அகப்படும். அவருடைய உறவினர் இன்னும் ஊரில் இருக்கலாம். அப்படி ஒரு படத்துக்கு நாங்கள் கேட்டபோது ஒரு ஐயா, பெயர் வேண்டாம் என்றார். இடமும் ஆண்டும் மட்டும் போட்டோம்.

உங்கள் வீடுகளில் 2004, 2009 காலத்துப் படப் பிரதிகள் இருந்தால் நிலையத்துக்கு ஒரு தகவல் தாருங்கள். வாங்கி, ஸ்கான் பண்ணி, பத்திரமாகத் திருப்பித் தருவோம்.